செல்வியின் தினக்கூலி ரூ.18,000

ஒரு ஜவுளிக்கடை. அதில் எழுபது எண்பது பேர் வேலை பார்க்கிறார்கள். சிலருக்கு நாள்கூலி, சிலருக்கு மாதச் சம்பளம். இந்தக் கணக்கை வைத்துக்கொள்ள ஓர் அட்டவணை போட்டிருக்கிறார்கள். அதில் மூன்றே பத்திகள்: பணியாளர் எண், ஊதிய வகை, தொகை. ஒருநாள் மாலை கணக்குப்பிள்ளை அவசரத்தில் ஒரு வரிசையைச் சேர்க்கிறார்.

```
எண்    வகை    தொகை
107    நாள்    18000
```

107 என்பது செல்வி. அவருடைய மாதச் சம்பளம்தான் 18,000. வகையில் ‘மாதம்’ என்று போடவேண்டிய இடத்தில் ‘நாள்’ என்று விழுந்துவிட்டது. கணினி எந்த மறுப்பும் சொல்லாமல் வாங்கி வைத்துக்கொண்டது. மாதக் கடைசியில் 26 நாள் வேலைக்கு 4,68,000 ரூபாய் என்று சீட்டு வரும்போதுதான் எல்லோரும் விழிப்பார்கள்.

இந்த அட்டவணையை வடிவமைத்தவரைக் குறை சொல்லலாமா? கல்லூரியில் தரவுத்தளப் பாடம் படித்தவர்களிடம் காட்டினால், இதில் பிழை ஒன்றும் இல்லை என்றுதான் சொல்வார்கள். ஒரு செய்தி ஓரிடத்தில்தான் இருக்கவேண்டும், அதே செய்தியைப் பல வரிசைகளில் திரும்பத் திரும்ப எழுதிவைக்கக்கூடாது என்பதுதான் அந்தப் பாடத்தின் சாரம். அதற்காக அட்டவணைகளை எப்படிப் பிரிக்கவேண்டும் என்பதை முதலாம் இயல்வடிவம், இரண்டாம் இயல்வடிவம் என்று படிப்படியாக வகுத்து, ஐந்தாவதுவரை கொண்டுபோயிருக்கிறார்கள். ‘நார்மல் ஃபார்ம்’ என்று வகுப்பில் சொல்வதைத்தான் இங்கே இயல்வடிவம் என்கிறேன். நம்முடைய மூன்று பத்தி அட்டவணை அந்த ஐந்து படிகளையும் தாண்டி நிற்கிறது. எண் தெரிந்தால் வகையும் தொகையும் தெரியும், அவ்வளவுதான் அதில் இருக்கும் உறவு. எந்தச் செய்தியும் இரண்டு முறை எழுதப்படவில்லை. அப்படியிருந்தும் செல்விக்கு நாளொன்றுக்கு 18,000 ரூபாய்.

இந்த ஓட்டையைக் கண்டுகொண்டவர் ரொனால்டு ஃபேகின். அமெரிக்காவில் ஐபிஎம் நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வகத்தில் இருந்தவர். நான்காம் இயல்வடிவத்தை 1977இல் வகுத்தவர் அவர்தான். ஐந்தாவதை 1979இல் வகுத்தவரும் அவரே. அடுத்து ஆறாம் படியைக் கட்டுவார் என்று எதிர்பார்த்திருந்தால் ஏமாந்திருப்போம். 1981இல் அவர் வெளியிட்ட கட்டுரை ஏணியை விட்டு இறங்கி, கேள்வியையே மாற்றிவிட்டது. அட்டவணையை எங்கே பிரிக்கலாம் என்று கேட்பதற்குப் பதில், அந்தக் கடையின் விதிகள் எவையெவை என்று கேட்டார். அவற்றில் எத்தனையைத் தரவுத்தளம் தானாகவே காவல் காக்கும்?

தரவுத்தளத்துக்கு மிக எளிதாகக் காக்கத் தெரிந்த விதிகள் இரண்டு வகை. ஒன்று, ஒரு பத்தியில் என்னென்ன மதிப்புகள் வரலாம் என்ற எல்லை. வகை என்றால் ‘நாள்’ அல்லது ‘மாதம்’, வேறு எதுவும் கூடாது. தொகை என்றால் 400 முதல் 60,000 வரை. இதைத்தான் டொமைன் என்பார்கள். மற்றொன்று சாவி. ஒரே பணியாளர் எண் இரண்டு வரிசைகளில் வரக்கூடாது என்பது சாவி விதி. முதல் வகையைப் பார்க்க, வந்த மதிப்பை மட்டும் பார்த்தால் போதும். இரண்டாவதற்கு, அந்த எண் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்த்தால் போதும். வாசலில் நிற்கும் காவலாளி அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு உள்ளே விடுவதைப் போன்ற வேலை இது. கடையின் மொத்தக் கணக்கும் அவருக்குத் தெரியவேண்டியதில்லை.

ஃபேகின் சொன்ன இலட்சியம் இதுதான்: ஓர் அட்டவணைக்கு உரிய விதிகள் அத்தனையும், எல்லை விதிகளிலிருந்தும் சாவி விதிகளிலிருந்தும் தாமாகவே வந்துவிடவேண்டும். அப்படி இருந்தால் அது டொமைன்-கீ இயல்வடிவத்தில் இருக்கிறது. வேறு வகை விதி ஒன்றே ஒன்று மிச்சமிருந்தாலும் இல்லை.

நம் அட்டவணையில் மிச்சமிருக்கும் விதி எது? நாள்கூலி என்றால் 400 முதல் 1,500 வரை, மாதச் சம்பளம் என்றால் 10,000 முதல் 60,000 வரை என்று கடையில் வைத்திருக்கிறார்கள். இந்த விதி இரண்டு பத்திகளைச் சேர்த்துப் பார்க்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் ‘நாள்’ சரி, 18,000 சரி, 107 புதிய எண், அதுவும் சரி. மூன்றையும் சேர்த்தால் தப்பு. காவலாளியின் சோதனை எல்லாவற்றிலும் தேறிய ஒரு வரிசை உள்ளே வந்து அட்டவணையையே பொய்யாக்குவதைத்தான் ஃபேகின் சேர்ப்புக் கோளாறு என்று வரையறுத்தார். அதேபோல, சரியாக இருக்கும் ஓர் அட்டவணையிலிருந்து ஒரு வரிசையை எடுத்ததும் அது தப்பாகிவிட்டால் அது நீக்கக் கோளாறு. இந்த இரண்டு கோளாறுகளும் இல்லாத அட்டவணையும் டொமைன்-கீ வடிவத்தில் இருக்கும் அட்டவணையும் ஒன்றே என்பதை அவர் கணித முறையில் நிறுவிக் காட்டினார். அந்த அர்த்தத்தில் இதற்கு மேல் ஒரு படி கிடையாது.

சரி, செல்வியின் கணக்கை இந்த வடிவத்துக்குக் கொண்டுவருவோம். அட்டவணையை இரண்டாக வெட்டுகிறோம். நாள்கூலிக்காரர்களுக்கு ஒன்று, மாதச் சம்பளக்காரர்களுக்கு ஒன்று. முதலாவதில் தொகையின் எல்லை 400–1,500. இரண்டாவதில் 10,000–60,000. வகை என்ற பத்திக்கே இனி வேலை இல்லை, எந்த அட்டவணையில் இருக்கிறார் என்பதே வகையைச் சொல்லிவிடுகிறது. இப்போது கணக்குப்பிள்ளை நாள்கூலி அட்டவணையில் 18,000 என்று தட்டினால் கணினி அந்த இடத்திலேயே மறுத்துவிடும். இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். முதல் ஐந்து இயல்வடிவங்களும் அட்டவணையைப் பத்தி பத்தியாக நெடுக்கில் வெட்டுபவை. இது வரிசைகளைக் குறுக்கே வெட்டியது. ஐந்து படி ஏறியும் இந்தப் பிழை கண்ணில் படாததற்குக் காரணம் அதுதான்: வெட்டும் திசையே வேறு.

வெட்டிய இரண்டு அட்டவணைகளும் தனித்தனியே இலட்சிய வடிவத்தில் இருக்கின்றன. ஆனால் ஒரே பணியாளர் இரண்டிலும் இருந்துவிட்டால்? முன்பு ஒரே சாவியாக இருந்த விதி, இப்போது இரண்டு அட்டவணைகளுக்கு நடுவே போய் நிற்கிறது. அங்கே எந்தக் காவலாளியும் இல்லை. எண்ணையே பிரித்து, நாள்கூலிக்கு 1 முதல் 499, மாதத்துக்கு 500க்கு மேல் என்று எல்லை வகுத்துவிட்டால் இதுவும் தீரும். அதற்கு ஒரு விலை உண்டு. நாள்கூலியிலிருந்து மாதச் சம்பளத்துக்கு உயர்த்தப்படும்போது பணியாளரின் எண்ணும் மாறவேண்டும். அவருடைய பழைய வருகைப் பதிவு, முன்பணம், போனஸ் எல்லாம் பழைய எண்ணில் கிடக்கும். ஓர் ஓட்டையை அடைக்கப் போய் நாலு இடத்தில் ஒழுகவிட்ட கதை.

இன்னும் சில விதிகளை எப்படி வெட்டினாலும் இந்த வடிவத்துக்குக் கொண்டுவரவே முடியாது. கல்லாவுக்குப் பொறுப்பானவர் குறைந்தது ஒருவராவது எப்போதும் இருக்கவேண்டும் என்று கடையில் ஒரு விதி இருப்பதாக வைத்துக்கொள்வோம். பொறுப்பாளர் பட்டியலில் ஒருவர்தான் இருக்கிறார். அவர் வேலையை விட்டுப் போகிறார், வரிசையை நீக்குகிறோம், விதி உடைந்துவிடுகிறது. எல்லை விதியும் சாவி விதியும் இதைத் தடுக்க முடியுமா? யோசித்தால் விடை எளிது. இருக்கும் வரிசைகள் எல்லாம் எல்லைக்குள் இருந்தால், ஒன்றை எடுத்தபின் மிச்சமிருப்பவையும் எல்லைக்குள்தான் இருக்கும். எண்கள் ஒன்றோடொன்று மோதாமல் இருந்தால், ஒன்றைக் குறைத்தபின்னும் மோதாது. காலியான அட்டவணைகூட இந்த இரு வகை விதிகளுக்கும் கட்டுப்பட்டதுதான். ஆகவே ‘குறைந்தது ஒருவர்’ என்று சொல்லும் எந்த விதியும் டொமைன்-கீ வடிவத்துக்கு அப்பாற்பட்டது. மொத்தச் சம்பளம் இத்தனை லட்சத்தைத் தாண்டக்கூடாது என்பதும் அப்படித்தான். அது எந்த ஒரு வரிசையையும் பார்த்துச் சொல்லக்கூடிய விதி இல்லை.

முந்தைய வடிவங்களுக்கு இருப்பதுபோல, இந்தப் படியை எடு, அடுத்து இந்தப் படி என்று இயந்திரத்தனமாகப் பின்பற்றக்கூடிய வழிமுறை ஒன்றை ஃபேகின் தரவில்லை. எல்லா விதிகளுக்கும் பொருந்தும்படியான ஒன்று இருக்கவும் முடியாது என்பதை மேலே சொன்ன கல்லா விதியே காட்டுகிறது. நடைமுறையில் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் இப்படியோர் ஒற்றை வரிச் சோதனையைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்:

```sql
CHECK (
  (kind = 'D' AND amount BETWEEN 400 AND 1500) OR
  (kind = 'M' AND amount BETWEEN 10000 AND 60000)
)
```

செல்வியின் 18,000 இதில் மாட்டிக்கொள்ளும். இரண்டு பத்திகளைச் சேர்த்துப் பார்ப்பதால் இது ஃபேகினின் கணக்கில் எல்லை விதி ஆகாது. அட்டவணை இலட்சிய வடிவத்திலும் இல்லை. ஆனால் பிழை பிடிபட்டுவிட்டது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பது என் கட்சி. இந்த விதியை எழுதவேண்டும் என்று நமக்குத் தோன்றியதே, எல்லையும் சாவியும் போக இன்னும் என்ன விதி மிச்சமிருக்கிறது என்று ஃபேகின் கேட்கவைத்ததால்தான்.

சில பழைய பாடநூல்களும் குறிப்புகளும் டொமைன்-கீ வடிவத்தையே ஆறாம் இயல்வடிவம் என்று எழுதிவிடும். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் குழம்புவது இங்கேதான். இன்று ஆறாம் இயல்வடிவம் என்றால் அது வேறு, பிறந்த காரணமும் வேறு. கிறிஸ் டேட், ஹியூ டார்வென், நிகோஸ் லொரென்ட்ஸோஸ் ஆகிய மூவர், காலத்தோடு மாறும் தரவுகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார்கள். 2003 என்று பதிப்பாண்டு போட்ட அந்த நூலில்தான் இது வந்தது. காலம் என்ற ஒன்று அட்டவணைக்குள் நுழைந்ததும் ஐந்தாம் இயல்வடிவம் எப்படித் தடுமாறுகிறது என்பதைப் பார்க்கச் செல்வியிடமே திரும்புவோம்.

மாதச் சம்பளத்துக்கு வந்தபின் செல்வியின் வரலாற்றையும் வைத்துக்கொள்ள விரும்புகிறது கடை. எந்தப் பிரிவில் எப்போது இருந்தார், என்ன சம்பளம் வாங்கினார் என்று. ‘வரை’ என்ற பத்தியில் இருக்கும் நாள் கணக்கில் சேராது, அதற்கு முந்தைய நாளோடு முடிகிறது என்று கொள்வோம்.

```
எண்   பிரிவு   சம்பளம்   முதல்          வரை
107   சேலை   14000    2021-04-01   2022-10-01
107   சேலை   15500    2022-10-01   2023-02-01
107   பட்டு    15500    2023-02-01   2024-04-01
107   பட்டு    17000    2024-04-01   —
```

பணியாளர் எண்ணும் தொடங்கும் நாளும் சேர்ந்தது சாவி. வழக்கமான அளவுகோல்படி இதுவும் ஐந்தாம் இயல்வடிவத்தில் இருக்கிறது. இப்போது முதலாளி ஒரு கேள்வி கேட்கிறார்: இதுவரை யாருக்காவது 15 மாதங்களுக்கு மேல் ஒரே சம்பளத்தையே கொடுத்து வைத்திருந்தோமா? கணினி வரிசை வரிசையாகக் கழித்துப் பார்க்கிறது. 15,500 இருக்கும் முதல் வரிசை 4 மாதம். அடுத்தது 14 மாதம். இரண்டும் 15க்குக் குறைவு, ஆகவே செல்வியின் 15,500 பட்டியலில் வரவில்லை. உண்மையில் அவர் 18 மாதங்கள் அதே 15,500இல்தான் இருந்தார். நடுவில் பிரிவு மாறியது. அதனால் சம்பளக் காலம் இரண்டு துண்டாக உடைந்துவிட்டது. பிரிவு மாறியதற்கும் சம்பளத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஒரே வரிசையில் குடித்தனம் வைத்ததுதான் குற்றம்.

இன்னொரு தொல்லை. 15,500 என்பது தட்டச்சுப் பிழை, 15,800 என்றிருக்கவேண்டும் என்று பிறகு தெரிகிறது. இரண்டு வரிசைகளில் திருத்தவேண்டும். ஒன்றைத் திருத்தி மற்றதை மறந்தால், பட்டுப் பிரிவுக்குப் போனதும் செல்விக்கு 300 ரூபாய் குறைத்ததாகப் பதிவு சொல்லும். ஒரு செய்தி ஓரிடத்தில் என்ற பாலபாடமே இங்கே மீறப்பட்டிருக்கிறது. ஆனாலும் ஐந்து இயல்வடிவங்களில் ஒன்றுகூட அதைக் கண்டுபிடிக்கவில்லை.

ஏன் கண்டுபிடிக்கவில்லை என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஓர் அட்டவணையைத் துண்டுகளாக வெட்டி, மறுபடி ஒட்டினால் பழைய அட்டவணையே வரவேண்டும். வந்தால்தான் வெட்டலாம் என்பது பழைய அளவுகோல். செல்வியின் வரலாற்றைப் பிரிவுக்கு ஒன்று, சம்பளத்துக்கு ஒன்று என்று வெட்டிப் பார்ப்போம்.

```
எண்   பிரிவு   முதல்          வரை
107   சேலை   2021-04-01   2023-02-01
107   பட்டு    2023-02-01   —

எண்   சம்பளம்   முதல்          வரை
107   14000    2021-04-01   2022-10-01
107   15500    2022-10-01   2024-04-01
107   17000    2024-04-01   —
```

நாலு வரிசை, ஐந்து வரிசை ஆகிவிட்டதே என்று எண்ணவேண்டாம். ஒவ்வொரு செய்தியும் இப்போது ஒருமுறைதான் இருக்கிறது. 15,500இன் காலம் 18 மாதம் என்று ஒரே வரிசையில் தெரிகிறது. ஆனால் இவற்றைத் தேதி சமமாக இருக்கும் வரிசைகளை மட்டும் பொருத்தும் வழக்கமான முறையில் ஒட்டினால் பழைய அட்டவணை திரும்பி வராது, ஏனென்றால் இரண்டிலும் தேதிகள் வேறு வேறு. பழைய அளவுகோல் இந்த வெட்டை ஏற்காததற்குக் காரணம் இதுவே.

டேட் குழுவினர் ஒட்டும் முறையை விரிவாக்கினார்கள். முதலில் ஒவ்வொரு காலத்தையும் நாள் நாளாக உதிர்த்துவிடு. 2022 அக்டோபர் 1 அன்று செல்வி சேலைப் பிரிவு, 2022 அக்டோபர் 2 அன்றும் சேலைப் பிரிவு என்று போகும். சம்பள அட்டவணையையும் இப்படியே உதிர்த்துவிடு. இப்போது நாளுக்கு நாள் பொருத்தி ஒட்டு. பிறகு ஒரே மதிப்போடு தொடர்ந்து வரும் நாட்களை மறுபடி ஒரே காலமாகச் சுருட்டிவிடு. இப்படி ஒட்டினால் நாம் தொடங்கிய நான்கு வரிசைகளும் ஒரு நாள்கூட மாறாமல் வந்து நிற்கின்றன. கணினி உண்மையில் ஆயிரக்கணக்கான நாட்களை எழுதிப் பார்க்கவேண்டியதில்லை. விளைவு அப்படி இருந்தால் போதும்.

இந்தப் புதிய ஒட்டும் முறையை வைத்துப் பார்த்தும் இனி வெட்ட முடியாது என்ற நிலைக்கு வந்த அட்டவணைதான் ஆறாம் இயல்வடிவத்தில் இருக்கிறது. நடைமுறையில் இதன் பொருள், ஓர் அட்டவணையில் சாவியும் அதோடு அதிகம் போனால் இன்னொரு பத்தியும்தான் இருக்கும். பணியாளருக்கு முகவரி, தொலைபேசி, பிரிவு, சம்பளம் என்று 30 செய்திகள் இருந்தால் 30 அட்டவணைகள். தெரியாத செய்திக்கு வெற்றிடம் விடவேண்டியதில்லை, அந்த அட்டவணையில் வரிசையே இருக்காது. ஆனால் ஒரு பணியாளரின் முழு விவரத்தைத் திரையில் காட்ட முப்பதையும் ஒட்டவேண்டும். ஒவ்வொரு பணியாளருக்கும் சம்பளம் கட்டாயம் இருக்கவேண்டும் என்ற சின்ன விதியும் அட்டவணைகளுக்கு நடுவே போய்விடும். சுவீடனில் உருவான ஆங்கர் மாடலிங் என்ற முறை, வரலாற்றைச் சேமித்து வைக்கும் தரவுக் கிடங்குகளை இந்த வடிவத்தில்தான் கட்டுகிறது. அன்றாட வேலைக்கான மென்பொருளில் இதை முழுதாகக் கடைப்பிடிப்பவர்கள் குறைவு.

ஐந்துக்குப் பின் ஆறு, ஆறுக்கு மேல் டொமைன்-கீ என்று இரண்டையும் ஓர் ஏணியின் படிகளாக வரைந்து காட்டும் படங்கள் உண்டு. அந்தப் படம் தப்பு என்பதை மேலே வெட்டிய சம்பள அட்டவணையே சொல்லும். ஆறாம் வடிவத்தில் இருக்கும் அந்த அட்டவணையில் 15,500 வரிசை 2024 ஏப்ரல் 1இல் முடிகிறது. 17,000 வரிசையைத் தவறுதலாக 2024 ஜனவரி 1 முதல் என்று யாராவது எழுதிவிட்டால்? தொடங்கும் நாட்கள் வேறாக இருப்பதால் சாவி மோதாது. தேதியும் சரியான தேதிதான், எல்லையும் மீறவில்லை. ஆனால் மூன்று மாதம் செல்விக்கு இரண்டு சம்பளம். இதுதான் ஃபேகினின் சேர்ப்புக் கோளாறு. அதாவது ஆறாம் வடிவத்தில் இருக்கும் ஓர் அட்டவணை டொமைன்-கீ வடிவத்தில் இல்லாமல் இருக்கலாம். மறுபக்கம், வரலாறு இல்லாத வெறும் எண், பெயர், தொலைபேசி அட்டவணை டொமைன்-கீ வடிவத்தில் இருக்கலாம். ஆனால் அதை இன்னும் வெட்ட முடியும் என்பதால் ஆறாம் வடிவத்தில் இல்லை. ஒன்று, காவலாளிக்குத் தெரியாத விதி ஏதாவது மிச்சமா என்று கேட்கிறது. மற்றது, ஒரே வரிசையில் இரண்டு செய்தி ஒட்டிக்கிடக்கிறதா என்று கேட்கிறது.

காலங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும் சிக்கலுக்கு இப்போது மருந்து இருக்கிறது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் `btree_gist` என்ற துணைக்கருவியை இயக்கிவிட்டு இப்படி எழுதலாம்:

```sql
CREATE TABLE staff_salary (
  staff_id int NOT NULL,
  amount   int NOT NULL CHECK (amount BETWEEN 10000 AND 60000),
  during   daterange NOT NULL,
  EXCLUDE USING gist (staff_id WITH =, during WITH &&)
);
```

கடைசி வரி, ஒரே பணியாளருக்கு ஒன்றின்மேல் ஒன்று ஏறும் காலங்கள் இரண்டு இருக்க விடாது. 2025இல் வந்த 18ஆம் பதிப்பில் `WITHOUT OVERLAPS` என்று சாவியிலேயே இதைச் சொல்லிவிடலாம். அப்போதும் ஒரே சம்பளத்தை அடுத்தடுத்த இரண்டு காலங்களாக உடைத்து எழுதினால் அது தடுக்காது. நடுவில் ஒரு மாதம் விடுபட்டுப் போனாலும் கண்டுகொள்ளாது.

இந்தக் கடைக்கு நான் செய்வது இவ்வளவுதான்: மாறும் வரலாறு வேண்டும் என்று கேட்ட பிரிவையும் சம்பளத்தையும் மட்டும் ஆறாம் வடிவத்தில் வெட்டுவேன். பெயரும் தொலைபேசியும் பழையபடி ஒரே அட்டவணையில் இருக்கட்டும். நாளுக்கும் மாதத்துக்குமான தொகை விதியை ஒற்றை வரிச் சோதனையாக எழுதிவிடுவேன். கல்லாப் பொறுப்பாளர் விதியும் மொத்தச் சம்பள விதியும் எந்த வடிவத்திலும் அடங்காதவை. அந்த இரண்டையும் மாதக் கடைசியில் கணக்குப்பிள்ளைதான் சரிபார்க்கவேண்டும்.